எனர்வேட்: எனர்ஜி இல்லாத வார்த்தை

போன வாரம் வள்ளியூர் போயிருந்தேன். சித்தி பையன் எஸ்எஸ்சி சிஜிஎல் எழுதுறான். போன தடவை ஒன்றரை மார்க்குல போச்சு. மொட்டை மாடியில ஒரு மாடல் பேப்பரைக் கொண்டுவந்து, "இதப் பாருண்ணே, படிச்ச வார்த்தைதான், ஆனா தப்பா போட்டுட்டேன்"னான்.

கேள்வி: எனர்வேட், எதிர்ச்சொல் எது? இன்விகரேட், எக்ஸாஸ்ட், இரிட்டேட், பப்ளிஷ்.

அவன் போட்டது எக்ஸாஸ்ட். ஏன்னு கேட்டா, "எனர்ஜி மாதிரி இருக்குல்லா, அப்போ எதிர்ச்சொல் சோர்வுதான?"ன்னான். இங்கதான் சிக்கல். எனர்வேட்ல இருக்கிறது எனர்ஜி இல்ல, நெர்வஸ்ங்கிற லத்தீன் சொல். அதுக்குத் தசைநாண்னு அர்த்தம். முன்னால இருக்கிற 'எ' வெளியேங்கிற பொருள்ல வருது. தசைநாணை உருவி எடுத்தா ஆளு என்ன ஆவான்? துவண்டுபோவான். எனர்வேட்னா பலவீனப்படுத்துறது. எதிர்ச்சொல் இன்விகரேட்.

இப்போ அந்த நாலு ஆப்ஷனையும் திரும்பப் பாருங்க. எக்ஸாஸ்ட் உண்மையில எனர்வேட்டோட ஒத்த சொல். அர்த்தம் தெரிஞ்சும், அவசரத்துல "எதிர்ச்சொல்"ங்கிறதை வாசிக்காதவன் அதுல விழுவான். அர்த்தத்தையே தலைகீழா நினைச்சவனும் அதுலயே விழுவான். இரிட்டேட், நெர்வ்ங்கிற சத்தத்தை மட்டும் பிடிச்சவனுக்கு வச்சது. பப்ளிஷ் சும்மா இடத்தை நிரப்ப.

இது எதுக்கு முக்கியம்? முதல் கட்டத்துல சரியான விடைக்கு 2 மார்க், தப்புக்கு அரை மார்க் போகும். கண்ணை மூடிக்கிட்டு நாலுல ஒண்ணு போட்டா, கணக்குப்படி சராசரியா 0.125 மார்க் லாபம்தான். இரண்டாம் கட்டத்து ஆங்கிலத்துல 3 மார்க், தப்புக்கு 1. அங்க அதே குருட்டுக் கணக்கு சரியா பூஜ்யம். ஆனா அரைகுறையா தெரிஞ்சவன் குருட்டுத்தனமா போடுறதில்ல, பொறி வச்ச ஆப்ஷனைத் தேடிப்போய்ப் போடுறான். அவனுக்கு வாய்ப்பு கால்வாசியும் கிடையாது. அந்த ஒரு கேள்வியில தம்பிக்கு 2 வராம போனதோட அரையும் போச்சு. மொத்தம் இரண்டரை. அவன் தவறவிட்டது ஒன்றரை!

ஒன்-வேர்ட் கேள்வியில பொறி வேற மாதிரி. திருமணத்தை வெறுப்பவர் யார்னு கேட்டு, மிசோஜினிஸ்ட், மிசோகமிஸ்ட், மிசாந்த்ரோப்னு வரிசையா வைப்பாங்க. மூணுலயும் 'மிசோ' வெறுப்புதான், அதனால அது உதவாது. பின்பாதியைப் பாக்கணும். 'கமி' பாலிகமியில வர்றது, திருமணம். 'ஜினி' கைனகாலஜியில வர்ற பெண். 'ஆந்த்ரோப்' ஆந்த்ரோபாலஜியில வர்ற மனிதன்.

வேர் எல்லா இடத்துலயும் கை கொடுக்காது. இன்ஃப்ளேமபிளுக்கும் ஃப்ளேமபிளுக்கும் ஒரே அர்த்தம், ரெண்டும் எளிதில் தீப்பிடிக்கும். அங்க 'இன்'னை 'இல்லை'ன்னு எடுத்தா மாட்டினீங்க. இந்த மாதிரி சொற்களைத் தனி நோட்டுல எழுதச் சொல்லியிருக்கேன். முதல் வரியில எனர்வேட்டை அவனே எழுதிட்டான்.