பிளக் ஒயரும் பத்து ஆம்ப்ஸ் சுவிட்சும்

பழைய ஜெனரேட்டர் விற்பனைக்கு என்று செல்போனுக்கு வரும் படத்தில் முதலில் கண்ணில் படுவது, டேங்கின் மேல் பெரிதாக ஒட்டியிருக்கும் 5500 என்ற எண். மளிகைக் கடைக்காரர் அதை 5500 வாட்ஸ் என்று படித்துக்கொண்டு விலை பேசப் போகிறார். அது பெரும்பாலும் மாடல் பெயர்தான். மெஷினின் உண்மையான பலம் அதே படத்தில் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் இன்ஜின் தலையைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். தலையில் செருகிய ரப்பர் மூடியிலிருந்து தடித்த கறுப்பு ஒயர் போனால் அது பிளக், பெட்ரோல் வண்டி. ஒயருக்குப் பதில் மெல்லிய இரும்புக் குழாய் நட்டு போட்டு முடுக்கியிருந்தால் டீசல். இழுக்கும் கயிறு இரண்டிலும் உண்டு, அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. பிளக் இருந்தும் பெரிய டேங்கோடு சின்ன டேங்க் ஒன்றும் தெரிந்தால், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பழைய ரகமாக இருக்கலாம்.

அடுத்து, பிளக் பாயின்ட்டுகளுக்குப் பக்கத்தில் உள்ள டிரிப் சுவிட்ச். அதில் 10 ஆம்ப்ஸ் என்றிருந்தால் 230 வோல்ட்டில் 2.3 கே.வி.ஏ.தான். “சுவிட்சை யாரும் மாற்றலாமே” என்று கேட்பது நியாயம். அதற்குத்தான் இன்ஜினின் சிசியையும் பார்ப்பது. 196 சிசி பெட்ரோல் இன்ஜின் 3000 சுற்றில் தொடர்ந்து தருவது ஏறத்தாழ 2 முதல் 2.5 கிலோவாட். இரண்டும் ஒத்துப்போவதால் 5500-ஐ மறந்துவிடலாம்.

இனி கடை. கூல்டிரிங்க்ஸ் கூலர் 300 வாட்ஸ், டீப் ஃப்ரீசர் 200, லைட், ஃபேன், பில் போடும் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து 350. கூட்டினால் 850தான். ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து மடங்கு இழுக்கும். கம்ப்ரஸரின் பவர் ஃபேக்டரையும் கணக்கில் சேர்த்தால், மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருக்க, கூலர் கிளம்பும்போது சுமார் 2.6 கே.வி.ஏ. வேண்டும், ஃப்ரீசரும் உடன் கிளம்பினால் 3.7. கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாற்றும்போது நடப்பது இந்த இரண்டாவதுதான். படத்திலுள்ள மெஷினில் விளக்குகள் மங்கி, கம்ப்ரஸர் ஓடாமல் உறுமும்.

“அப்படியென்றால் பெரிய டீசலே வாங்கிவிடலாமே” என்பார்கள். 10 கே.வி.ஏ. டீசலில் 850 வாட்ஸ் மட்டும் ஓட்டினால் இன்ஜின் சரியாகச் சூடேறாது. டீசல் முழுதாக எரியாமல் சைலன்சரில் கறுப்புப் பிசுக்காக ஒழுகும். கேட்க வேண்டியது தொடர்ந்து 3 முதல் 3.5 கே.வி.ஏ. தரும் மெஷினைத்தான். அதிலும் ஃப்ரீசர், கூலர் சுவிட்சுகளை அணைத்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்ற வேண்டும். மூன்று நிமிடம் கழித்து, உள்ளே கேஸ் அழுத்தம் சமமான பிறகு ஃப்ரீசரைப் போட்டு, அது ஓட ஆரம்பித்ததும் கூலரைப் போட வேண்டும்.