சூரியன் ஏன் சாம்பலாகிறது, விளக்கு ஏன் ஸ்டிக்கராகிறது?

கணினி விளையாட்டிலோ அனிமேஷன் படத்திலோ ஒரு காட்சியின் வெளிச்சத்தைக் கணக்கிடும் மென்பொருள், ஒளிக்கு உச்சவரம்பு எதுவும் வைப்பதில்லை. வெயில் படும் வெள்ளைச் சுவர் 1 என்றால், மேகம் 4 ஆகலாம், விளக்கு 80 ஆகலாம். சாதாரணத் திரையோ 0 முதல் 1 வரைதான் காட்டும். பெரிய எண்களை இந்தச் சிறிய இடத்துக்குள் சுருக்கும் கணக்குக்கு டோன் மேப்பிங் என்று பெயர். வெயிலையும் தீயையும் பல படங்களில் கெடுப்பது இந்தக் கடைசிக் கணக்குதான்.

2002-இல் எரிக் ரைன்ஹார்டும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முறையில் எளிமையான வடிவம் இது:

```
L / (1 + L)
```

எவ்வளவு பெரிய எண்ணைக் கொடுத்தாலும் விடை 1-ஐத் தாண்டாது. ஆனால் 1-ஐத் தொடவும் செய்யாது. மேகத்தின் 4 இங்கே 0.8 ஆகிறது, சுவரின் 1 பாதியாகிறது. திரைக்கான குறியீட்டில் அந்தப் பாதி என்பது 255-க்கு 188. வெள்ளைச் சுவர் சாம்பல் பூசியதுபோல நிற்பது இதனால்தான். ரைன்ஹார்டின் கட்டுரையிலேயே இதற்கு மாற்று உண்டு: எந்த அளவு வெளிச்சம் முழு வெள்ளையாக வேண்டும் என்று நாமே சொல்லிவிடலாம். 4 என்று சொன்னால் மேகம் சரியாக 1-ஐ எட்டும்.

சாம்பலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது சூத்திரத்தின் குற்றமே அல்ல. காட்சியை 8 பிட் நினைவகத்தில் சேமித்துவிட்டு, பிறகு டோன் மேப்பிங் செய்தால், 1-க்கு மேற்பட்ட எல்லாம் முன்பே வெட்டுப்பட்டிருக்கும். சூரியனும் சுவரும் ஒரே 1 ஆகி, இரண்டும் 188-இல் வந்து நிற்கும். படத்தின் மிகப் பிரகாசமான புள்ளியின் மதிப்பை எடுத்துப் பாருங்கள். 188-ஐத் தாண்டவே மறுக்கிறதென்றால் சூத்திரத்தை மாற்றிப் பயனில்லை, 16 பிட் மிதவைப்புள்ளி நினைவகத்துக்கு மாறவேண்டும்.

நிறம் சேரும்போது சிக்கல் வேறு மாதிரி. சிவப்பு 8, பச்சை 2, நீலம் 0.4 கொண்ட ஆரஞ்சு விளக்கை எடுத்துக்கொள்வோம். நிறம் மாறக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் பலர் மொத்தப் பிரகாசத்தை மட்டும் கணக்கிட்டுச் சுருக்கி, மூன்று நிறங்களையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். விடை 1.92, 0.48, 0.10. சிவப்பு வரம்பை மீறிவிட்டது. திரை அதை 1-இல் வெட்டும். விளக்கைப் பத்து மடங்கு கூட்டினாலும் 1, 0.61, 0.12 என்றுதான் வரும். வெளிச்சம் பத்து மடங்கு கூடியும் படத்தில் அதே அடர் ஆரஞ்சு. ஒளிர்கிற பொருளாகத் தெரியாமல், ஒட்டிவைத்த ஸ்டிக்கராகத் தெரிகிறது.

அடிப்படைக் காரணம் திரைக்குள் இருக்கிறது. திரையின் முழு வெள்ளையில் நீலத்தின் பங்கு சுமார் 7 சதவீதம், சிவப்பின் பங்கு 21. தூய நீலத்தை இன்னும் பிரகாசமாக்க, சிவப்பையும் பச்சையையும் கலப்பதைத் தவிர வழியில்லை. அதாவது, பிரகாசம் ஏறஏற நிறம் வெளுத்தே ஆகவேண்டும்.

சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகச் சுருக்கினால் இந்த வெளுப்பு தானாக வந்துவிடுகிறது: நம் விளக்கு 0.89, 0.67, 0.29. பத்து மடங்கு கூட்டினால் 0.99, 0.95, 0.80, கிட்டத்தட்ட வெள்ளை. கூடவே ஆரஞ்சு மஞ்சளை நோக்கி நழுவுகிறது என்பதைக் கவனியுங்கள். தீக்கு அது பொருத்தமாகவே தோன்றும். மனிதத் தோலில் அழகாக இருக்காது. தூய சிவப்புக்கோ இந்த வழியும் உதவாது. 100, 0, 0 என்பது 0.99, 0, 0 ஆகும். பூஜ்யத்தைச் சுருக்கினாலும் பூஜ்யம்தானே.

இதற்கான தந்திரம், சுருக்குவதற்கு முன்பே ஒவ்வொரு நிறத்திலும் மற்ற இரண்டில் கொஞ்சம் கலந்துவிடுவது. ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மங்கலான சிவப்பான 1, இப்போது 0.47, 0.05, 0.05: இன்னும் சிவப்புதான். 10 வரும்போது 0.90, 0.33, 0.33. 100 வரும்போது 0.99, 0.83, 0.83, ஏறக்குறைய வெளுத்த இளஞ்சிவப்பு. கலப்பு ஒன்றே, ஆனால் இருட்டில் மறைந்திருந்து வெளிச்சத்தில் வேலை செய்கிறது. பிளெண்டர் மென்பொருளில் 2023-இல் 4.0 பதிப்பு முதல் இயல்பாக வரும் AgX இந்த எண்ணத்தில்தான் இயங்குகிறது, உண்மையான அளவுகள் வேறு. விளையாட்டுகளில் பரவலான ஏசிஇஎஸ் வளைவின் சுருக்க வடிவத்தில் இந்தக் கலப்பு இல்லை; அதை எழுதிய கிரிஷ்டோஃப் நார்கோவிச்சே, பிரகாசமான நிறங்கள் அதில் மிகையாக அடர்ந்துவிடும் என்று குறிப்பிட்டிருக்கிறார்.

AgX-க்கும் விலை உண்டு. சட்டையின் சிவப்பு, நிறுவனத்தின் முத்திரை நிறம் எல்லாம் சற்று மங்கிப்போகும். இணையக் கடையில் பொருள் காட்டுவோருக்கு இது ஆகாது என்பதால், க்ரோனோஸ் குழு 2024-இல் ஒரு நடுநிலை முறையை வெளியிட்டது. அது கீழ்ப்பகுதி நிறங்களைப் பெரும்பாலும் தொடாமல் விட்டு, உச்சியை மட்டும் சுருக்கி வெளுக்கிறது. அதில் சட்டையின் நிறம் தப்பிக்கும். தீ, மின்னல், நியான் விளக்கு நிறைந்த காட்சிக்கு மட்டும் நான் அதை எடுக்கமாட்டேன்.