300 குஞ்சு, 12 வாரம்: கையில் எவ்வளவு நிற்கும்?

“300 குஞ்சு, குஞ்சுக்கு நூறு ரூபாய் லாபம், மாதம் முப்பதாயிரம்.” நாட்டுக்கோழிப் பண்ணை பற்றிய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. குஞ்சு மூன்று மாதம் வளர வேண்டும், அதுவரை தின்ன வேண்டும், நடுவில் சில சாகும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வருவதில்லை. அவற்றையும் சேர்த்து ஒரு பேட்ச் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் எந்தக் கோழி என்று தெளிவாக வேண்டும். அசல் சிறுவிடைக்கும் பெருவிடைக்கும் விலை அதிகம். ஆனால் விற்கும் எடைக்கு வர ஐந்து மாதம்கூட ஆகலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வாங்குவது, சந்தையில் ‘கிராஸ்’ எனப்படும் கலப்பின நாட்டுக்கோழி. நன்றாக வளர்த்தால் 12 வாரத்தில் 1.3 கிலோ வரும். நம் கணக்கு இந்தக் கோழிக்குத்தான். விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் இங்கே உள்ளவற்றை மாதிரியாக எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர் விலையைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் குஞ்சு 35 ரூபாய் என்றால் 300 குஞ்சுக்கு 10,500 ரூபாய். எல்லோரும் பேரம் பேசுவது இந்த விலையில்தான். ஆனால் பணத்தை விழுங்குவது தீவனம். 1.3 கிலோ எடைக்கு வர ஒரு கோழி சுமார் 4.2 கிலோ தின்னும். இடையில் சாகும் கோழிகள் தின்றது, சிந்தியது எல்லாம் சேர்த்து பேட்சுக்கு 1,200 கிலோ என்று வைக்கலாம். கிலோ 40 ரூபாய் என்றால் 48,000 ரூபாய். தடுப்பூசி, மருந்து 2,400. உமி, மின்சாரம் 2,500. வண்டிக்கூலி, சில்லறைச் செலவு 1,600. மொத்தம் 65,000 ரூபாய். இதில் ஏறக்குறைய முக்கால் பங்கு தீவனம். குஞ்சு விலையில் இரண்டு ரூபாய் குறைத்துப் பேசினால் 600 ரூபாய் மிஞ்சும். தீவனத் தொட்டியை நிரம்பக் கொட்டிச் சிந்தவிட்டு, நூற்றுக்கு ஐந்து கிலோ வீணானாலே 2,400 ரூபாய் போய்விடும். தொட்டியின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருக்க வேண்டும், பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான்.

அடுத்தது இழப்பு. கவனமாக வளர்த்தாலும் நூற்றுக்கு எட்டுக் கோழி போகும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. 300-இல் 24 போனால் விற்க 276 மிஞ்சும். எத்தனை செத்தது என்பதைவிட எப்போது செத்தது என்பது முக்கியம். முதல் வாரத்தில் ஒரு குஞ்சு செத்தால் நட்டம் நாற்பது ரூபாய்க்குள். பத்தாம் வாரத்தில் செத்தால் அது தின்ற தீவனமே 120 ரூபாயைத் தொட்டிருக்கும். குஞ்சு விலையும் சேர்ந்தால் 155 ரூபாய்க்குக் குறையாது. அந்த வாரத்தில் கூடுதலாக 30 கோழி இறந்தால் பேட்சின் லாபத்தில் பாதி காலி.

முதல் வார இழப்புக்குப் பெரும்பாலும் காரணம் சூடு போதாமைதான். குஞ்சு மட்டத்தில் முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி வீதம் குறைக்கலாம். குஞ்சுக்கு இரண்டு வாட் கணக்கில் குண்டு பல்பு போடுவது வழக்கம். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சுகளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக மொய்த்தால் குளிர். தடுப்பு ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். ஒரே பக்கமாகக் குவிந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. சீராகப் பரவி மேய்ந்தால் எல்லாம் சரி. இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதற்கு, குஞ்சு வருமுன்பே பதில் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் வாரத்துக்குப் பின் வருவது இரத்தக்கழிச்சல். ஈரக் கூளத்தில்தான் அது பெருகும். கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளிப் பிசையுங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் நல்லது, கொழுக்கட்டை மாதிரி நின்றால் கிளறிவிட்டுப் புது உமி சேர்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித்தான் முதலில் ஈரம் பிடிக்கும்.

பெரிய கோழிகளைக் கூட்டமாகக் கொண்டுபோவது வெள்ளைக்கழிச்சல். இதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வாரத்தில் மறுபடி, எட்டாம் வார வாக்கில் இறக்கையில் ஊசி என்பது பொதுவான முறை. உங்கள் பகுதிக்கான அட்டவணையைக் கால்நடை மருத்துவர் சொல்வார். போட்டும் நோய் வந்துவிட்டது என்பவர்களிடம் விசாரித்தால், மருந்தைப் பனிக்கட்டி இல்லாமல் வெயிலில் கொண்டுவந்ததோ, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கரைத்ததோ தெரியவரும்.

இனி வரவு. 276 கோழி, தலைக்கு 1.3 கிலோ, சுமார் 359 கிலோ. வியாபாரி பண்ணைக்கே வந்து கிலோ 220 ரூபாய்க்கு எடுத்தால் 78,900 ரூபாய். செலவு போக 13,900. இதை மூன்றால் வகுத்துவிடக் கூடாது. விற்றபின் கூளத்தை அள்ளி, கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து இரண்டு வாரம் காலியாக விட வேண்டும். ஆக ஒரு பேட்ச் 14 வாரம். மாதத்துக்கு 4,300 ரூபாய் வாக்கில்தான் வருகிறது. 450 சதுர அடிக் கொட்டகைக்கும் தளவாடத்துக்கும் ஒரு லட்சம் போட்டு, பத்து ஆண்டில் அதை மீட்பதாக வைத்தால் மாதம் 830 கழியும். மிச்சம் ஏறக்குறைய 3,500. தினமும் செலவிடும் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கான கூலியும் அதற்குள்தான்.

விலை 200-க்கு இறங்கினால் பேட்ச் லாபம் ஏழாயிரத்துக்கும் கீழே போகும். 181-க்கு விற்றால் போட்ட பணம் மட்டும் திரும்பும். மாறாக, பாதிக் கோழியை நேரடியாக வீடுகளுக்கும் உணவகங்களுக்கும் கிலோ 300 ரூபாய்க்குக் கொடுக்க முடிந்தால் பேட்ச் லாபம் 28,000-ஐத் தாண்டும். கொட்டகைத் தேய்மானம் போக மாதம் 8,000 ரூபாய் வாக்கில் நிற்கும். வளர்ப்பில் என்ன கெட்டிக்காரத்தனம் காட்டினாலும் இவ்வளவு வித்தியாசம் வராது. எனவே, குஞ்சுக்கு முன்பணம் கொடுக்குமுன் வாங்குபவரைத் தேடுவதே சரியான வரிசை. ‘நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம்’ என்று சொல்லி அதிக விலைக்குக் குஞ்சு விற்பவர்களிடம் மட்டும் எச்சரிக்கை. 2012-இல் பெருந்துறை ஈமு பண்ணை மோசடியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாதாமாதம் பணம் வேண்டுமென்றால் மூன்று தனிக் கொட்டகைகள் வேண்டும். மாதம் ஒன்றில் குஞ்சு விட வேண்டும். மொத்த விலைக்கே விற்றாலும், தேய்மானம் போக மாதம் பத்தாயிரம் வரும். ஆனால் முதல் பேட்ச் விற்குமுன் மூன்று பேட்சுக்கும் தீவனம் வாங்கக் கையில் பணம் இருக்க வேண்டும். இடம் மிச்சம் என்று ஒரே கொட்டகையில் பெரியதையும் குஞ்சையும் சேர்த்து விட்டால், பெரியதின் நோய் குஞ்சுக்குத் தொற்றிவிடும்.

12 வாரம் முடிந்தபின் வியாபாரி “அடுத்த வாரம் வருகிறேன்” என்பார். 276 கோழியும் நாளைக்கு 23 கிலோவுக்கு மேல் தின்னும். ஏறக்குறைய 940 ரூபாய். கோழி தினம் 15 கிராம் ஏறினாலும் கூடும் எடையின் மதிப்பு 910 ரூபாய்தான். ஒரு வாரம் கழித்து வந்து கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்கும்போது, காத்திருக்க முடியாத நிலை யாருக்கு என்று அவருக்குத் தெரியும். அதனால் பத்தாம் வாரத்திலேயே பத்துக் கோழியை எடைபோட்டுப் பார்த்து, இரண்டு வியாபாரிகளிடமாவது தேதி பேசி வைக்க வேண்டும்.