முப்பது அங்குல மேசை

உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை ஒருமுறை டேப் வைத்து அளந்து பாருங்கள். தரையிலிருந்து ஏறக்குறைய 30 அங்குலம் இருக்கும். அலுவலக மேசைகளும் பெரும்பாலும் அதே உயரம்தான். காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்து, தோளைத் தூக்காமல் அதன்மேல் தட்டச்சு செய்ய வேண்டுமென்றால் ஆறடிக்கு மேல் வளர்ந்திருக்க வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் தமக்குப் பொருந்தாத மேசையில்தான் எட்டு மணி நேரம் வேலை பார்க்கிறார்கள். மாலையில் இடுப்பு வலிக்கிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது, கண் எரிகிறது. விலை உயர்ந்த நாற்காலி ஒன்று வாங்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது, உங்கள் உடம்பை அளப்பது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்தடி ஓர் அங்குல உயரமுள்ள ஒரு பெண், கணக்கு வேலை பார்ப்பவர், வீட்டில் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து வேலை செய்கிறார் என்று வையுங்கள். அவருக்கு மூன்று அளவுகள் தேவை. முழங்கால் மடிப்பின் உட்புறத்திலிருந்து தரை வரை ஒன்று. அது சுமார் பதினைந்தரை அங்குலம் இருக்கும். தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்கி உட்கார்ந்த நிலையில் இருக்கையிலிருந்து முழங்கை வரை இரண்டாவது. சுமார் 9 அங்குலம். இருக்கையிலிருந்து கண் வரை மூன்றாவது. சுமார் 28 அங்குலம். ஆளுக்கு ஆள் இவை மாறும். வீட்டில் யாரையாவது டேப் பிடிக்கச் சொன்னால் ஐந்து நிமிட வேலை.

இப்போது கணக்கைப் போடுவோம். சாப்பாட்டு நாற்காலியின் இருக்கை 18 அங்குல உயரம். அதில் அவர் உட்கார்ந்தால் முழங்கை 27 அங்குலத்தில் நிற்கும். மேசையோ 30. அந்த மூன்று அங்குலத்தை எட்ட அவர் தோளைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். தூக்குகிறோம் என்று அவருக்கே தெரியாது. ஆனால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தசை நாள் முழுக்க இறுகியே இருக்கும். கால் கணக்கும் உதைக்கிறது. இருக்கை அவர் முழங்காலைவிட இரண்டரை அங்குலம் உயரம் என்பதால் பாதம் தரையில் படியாது. பாதம் ஊன்றாதபோது உடம்பு பிடிமானம் தேடி நாற்காலியின் முன் விளிம்புக்கு நகரும். முன் விளிம்பில் உட்கார்ந்தவருக்கு முதுகுச் சாய்மானம் இருந்தும் இல்லாதது போலத்தான்.

மேசையை அறுக்க முடியாது. ஆகவே அவர் மேலே ஏற வேண்டும். இருக்கை 21 அங்குலத்துக்கு வந்தால் முழங்கை மேசை மட்டத்துக்கு வந்துவிடும். உயரம் மாற்றக்கூடிய நாற்காலி என்றால் நெம்புகோலை இழுத்தால் போதும். இல்லையென்றால், உட்கார்ந்தால் அமுங்கிப்போகாத கெட்டியான திண்டு ஒன்று. பிறகு காலுக்கு ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல் உயரத்தில் ஒரு தாங்கல் வேண்டும். அலுவலகங்களில் கிடக்கும் ஏ4 தாள் கட்டு ஒன்று ஏறக்குறைய இரண்டு அங்குலக் கனம். மூன்று கட்டுகளைப் பாதம் இரண்டும் வைக்கும்படி அடுக்கிப் பார்த்துவிட்டு, உயரம் ஒத்துவந்தால் அதே அளவில் ஒரு பலகை செய்துகொள்ளலாம். பலர் நாற்காலியை உயர்த்துவதோடு நிறுத்திவிடுகிறார்கள். கால் தொங்கினால் தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப்போகும். ஒரு வாரத்தில் நாற்காலியை மறுபடி இறக்கிவிடுவார்கள்.

அடுத்தது முதுகு. நிற்கும்போது இடுப்புக்கு மேலே முதுகெலும்பு உட்புறமாக லேசாக வளைந்திருக்கும். உட்கார்ந்ததும் இடுப்பெலும்பு பின்னோக்கிச் சாய்ந்து அந்த வளைவு தட்டையாகிவிடுகிறது. எலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகளின் முன்பக்கம் அழுந்த, பின்பக்கம் பிதுங்குகிறது. ஒரு குளியல் துண்டைச் சுருட்டி, பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே வைத்துச் சாய்ந்தால் வளைவு ஓரளவு திரும்பும். இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் இருக்கை உங்களுக்கு ஆழம் அதிகம், துண்டைத் தடிமனாக்கினால் சரியாகும்.

‘நிமிர்ந்து உட்கார்’ என்று பள்ளியில் சொன்னது இங்கே முழுக்கச் செல்லாது. 2006-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 22 பேரை வெவ்வேறு நிலைகளில் உட்காரவைத்து எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தார்கள். 90 டிகிரியில் விறைப்பாக உட்கார்ந்தபோது வட்டுகள் மிக அதிகம் நகர்ந்தன. தொடைக்கும் முதுகுக்கும் இடையே 135 டிகிரி இருக்கும்படி சாய்ந்தபோது நகர்வு மிகக் குறைவு. 135 டிகிரியில் சாய்ந்துகொண்டு தட்டச்சு செய்வது நடக்காத காரியம், கை எட்டாது. ஆனால் 100 முதல் 110 டிகிரி வரை சாய்மானத்தைப் பின்னுக்குத் தள்ளி, அதில் முதுகை ஒப்படைத்து வேலை செய்ய முடியும்.

இனி திரை. கழுத்தும் கண்ணும் இந்த இடத்தில் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கின்றன. தலையின் எடை நான்கரை முதல் ஐந்து கிலோ. அது தோளுக்கு நேர்மேலே இருக்கும்வரை கழுத்துக்குப் பாரம் தெரியாது. முன்னால் குனியக் குனியப் பின்கழுத்துத் தசைகள் பல மடங்கு விசையோடு அதை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆகவே கழுத்து திரையை மேலே கேட்கிறது. கண்ணோ கீழே கேட்கிறது. நாம் எவ்வளவு உயரத்தில் பார்க்கிறோமோ அவ்வளவு அகலமாக இமை திறக்கிறது, அவ்வளவு வேகமாகக் கண்ணீர்ப் படலம் காய்கிறது. போதாக்குறைக்கு, திரையைப் பார்க்கும்போது இமைக்கவே மறக்கிறோம். 1993-இல் ஜப்பானிய மருத்துவர்கள் எண்ணிப் பார்த்தார்கள்: சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரி 22 முறை, புத்தகம் வாசிக்கும்போது 10, கணினித் திரையின் முன் 7. புத்தகத்தைக் குனிந்து பார்ப்பதால் இமை பாதி மூடியிருக்கும். திரை முன் கண் விரியத் திறந்திருக்கும். அதே நேரம் வாசித்தாலும் திரையில் மட்டும் கண் எரிவதற்கு இது முக்கியக் காரணம்.

இரண்டுக்கும் சமரசமான இடம், திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே. நம் கணக்காளருக்கு இருக்கை 21, கண் 28, ஆக மொத்தம் 49 அங்குலம். மேசையின் 30-ஐக் கழித்தால் கண் மேசையிலிருந்து 19 அங்குல உயரத்தில் இருக்கிறது. திரையின் மேல் விளிம்பு 17-இல் இருக்க வேண்டும். 14 அங்குல லேப்டாப்பைத் திறந்து வைத்தால் மேல் விளிம்பு மேசையிலிருந்து எட்டு, ஒன்பது அங்குலத்துக்கு மேல் வராது. எட்டு அங்குலம் தூக்க வேண்டும். அதே தாள் கட்டுகள் நான்கு. தூக்கிய லேப்டாப்பில் தட்டச்சு செய்ய முடியாது என்பதால் தனி கீபோர்டும் மவுஸும் கட்டாயம். செலவு செய்ய வேண்டிய ஒரே இடம் இதுதான். திரையும் கீபோர்டும் ஒட்டியே இருக்கும்வரை கை சரியாக இருந்தால் கழுத்து கெடும், கழுத்து சரியாக இருந்தால் கை கெடும்.

நாற்பதைக் கடந்து, பைஃபோகல் அல்லது புரோகிரசிவ் கண்ணாடி போட்டவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. அவர்கள் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே பார்க்க முகவாயைத் தூக்குவார்கள். பின்கழுத்து மடங்கி வலிக்கும். திரையை இன்னும் சில அங்குலம் இறக்க வேண்டும், அல்லது கணினித் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி எழுதி வாங்க வேண்டும். தூரம் எல்லோருக்கும் ஒரு கை நீட்டும் அளவு. எழுத்து தெரியவில்லை என்று முன்னால் சாய்வதற்குப் பதில் Ctrl விசையை அழுத்திக்கொண்டு + தட்டினால் எழுத்து பெரிதாகும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். திரையை அணைத்துவிட்டுப் பாருங்கள். கறுப்புத் திரையில் ஜன்னலோ டியூப் லைட்டோ தெரிந்தால் திரையைத் திருப்ப வேண்டும். மின்விசிறிக் காற்றோ ஏ.சி. காற்றோ நேராக முகத்தில் அடித்தால் எந்தச் சொட்டு மருந்தும் நிற்காது. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிகள் கண் அயர்ச்சியைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2023-இல் வெளியான காக்ரேன் மறுஆய்வு சொல்லிவிட்டது. அந்தப் பணத்தில் கீபோர்டு வாங்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் அசையாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் வலிக்கத்தான் செய்யும். முதுகெலும்பு வட்டுகளின் உட்பகுதிக்கு ரத்தக் குழாய் கிடையாது. அழுத்தம் ஏறி இறங்கும்போதுதான் அவற்றுக்குள் நீரும் சத்தும் போய்வருகின்றன. ஆகவே நிலையை மாற்றுவது நாற்காலிக்கு நிகரான மருந்து. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ஒன்றிரண்டு நிமிடம் நடந்தால் போதும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளியிருப்பதை இருபது நொடி பார்ப்பது கண்ணுக்கு. கிட்டப் பார்க்கக் கண்ணுக்குள் இறுகியிருக்கும் தசை அப்போது தளரும். அந்த இருபது நொடியில் நான்கைந்து முறை இமையை முழுதாக மூடித் திறக்க வேண்டும். இடைவேளை எடுத்தால் வேலை குறையுமே என்ற கவலைக்கும் பதில் உண்டு. அமெரிக்காவில் தரவுப் பதிவுப் பணியாளர்களுக்கு வழக்கமான இடைவேளைகளோடு ஐந்து ஐந்து நிமிடமாக நாளுக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். உடல் வலியும் கண் அயர்ச்சியும் குறைந்தன. முடித்த வேலையின் அளவு குறையவில்லை. அலாரம் வைத்தால் மூன்றாம் நாள் அணைத்துவிடுவோம். தண்ணீர் பாட்டிலை மேசையில் வைக்காமல் அடுத்த அறையில் வைப்பது, போன் வந்தால் நின்றுகொண்டு பேசுவது போன்றவை நீடிக்கும்.

மாலையில் எது வலிக்கிறது என்பதே எந்த அளவு தவறு என்று காட்டிக்கொடுக்கும். தோள் மேட்டில் வலி என்றால் மேசை இன்னும் உயரம். தொடை மரத்தால் காலுக்குத் தாங்கல் போதவில்லை. பின்கழுத்து என்றால் திரை தாழ்வு. கண் எரிந்தால் திரை உயரம் அல்லது முகத்தில் காற்று. நெற்றி வலித்தால் பார்வையைச் சோதிக்கும் நேரம் வந்துவிட்டது. ஒரு நேரத்தில் ஓர் அளவை மட்டும் மாற்றி, ஒரு வாரம் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

முதுகுவலிக்குக் காரணம் உட்காரும் விதம் மட்டுமல்ல என்பதால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. வலி பிட்டத்திலிருந்து காலுக்கு இறங்கினாலும், பாதம் மரத்தாலும் வலுவிழந்தாலும், காய்ச்சலோடு வந்தாலும் அளவு நாடாவை வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, திடீரென்று பார்வை மங்கினாலோ அன்றே, அந்த மணி நேரமே போக வேண்டும்.