சிறு கைக்காயம்: விபத்துக் குறிப்பை எப்படி எழுதுவது? சந்தேகங்களும் விளக்கங்களும்

அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் வந்து இறங்கும் நாட்களில், தா.பழூர் வட்டாரத்தின் களங்களிலும் அரவை ஆலைகளிலும் கையில் வெட்டுப்படுவது சகஜம். துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்துவிடுவார்கள். அதை எழுதி வைக்க வேண்டுமா, எழுதினால் எப்படி என்று கேட்பவர்களுக்கான விளக்கம் இது.

சின்னக் காயம்தானே, எதற்குப் பதிவு?

விரலில் படும் வெட்டு வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே தசைநாணைத் தொட்டிருக்கலாம். இரண்டு மூன்று நாள் கழித்துச் சீழ் பிடிக்கலாம். அப்போது, காயம் வேலையிடத்தில் பட்டதா, வீட்டில் பட்டதா என்ற கேள்வி எழும். அன்றே எழுதிய குறிப்பு இருந்தால் அந்த வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

மாதிரி ஒன்று காட்ட முடியுமா?

விளக்கத்துக்காக எழுதிய கற்பனைச் சம்பவம் இது:

“12.02.2025, புதன்கிழமை, காலை சுமார் 10.20 மணி. ஆலையின் மூட்டை இறக்கும் மேடையில் சுமைப்பணியாளர் (பெயர், வயது, முகவரி) நெல் மூட்டையின் வாய்த்தையலைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார். இடக்கையால் சாக்கின் விளிம்பைப் பிடித்திருந்தார். வலக்கையில் இருந்த கத்தி நழுவி, இடக்கை ஆள்காட்டி விரலின் உள்பக்கம், நடுக்கணுவுக்கு மேல் பட்டது. சுமார் 2 செ.மீ. நீள வெட்டு, இரத்தம் வந்தது. விரலை மடக்கி நீட்டினார். நுனியில் மரத்துப்போகவில்லை என்றார். அவர் கையுறை அணிந்திருக்கவில்லை. இந்த வேலைக்குக் கையுறை வழங்கப்பட்டிருக்கவில்லை. கத்தியின் மரப்பிடி ஆடியது. 10.25-க்குக் காயத்தைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டியவர் மேற்பார்வையாளர். 11 மணிக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 2 தையல் போட்டு, டெட்டனஸ் ஊசி போட்டார்கள். எடை போடுபவர் நேரில் பார்த்தார்.”

‘கவனக்குறைவால் வெட்டிக்கொண்டார்’ என்று சுருக்கமாக எழுதினால் என்ன?

அது தீர்ப்பு. எழுதுபவர் கண்டது கத்தி நழுவியதையும் இரத்தம் வந்ததையும்தான். கவனம் குறைந்ததை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. ‘வெட்டிக்கொண்டார்’ என்றாலே பழி தொழிலாளி தலையில் விழுகிறது. ‘கத்தி விரலில் பட்டது’ என்றால் யார் பக்கமும் சாயாது.

சொல் நடுநிலையாக இருந்தும், பாதி உண்மை மட்டும் எழுதுவதால் குறிப்பு ஒருபக்கம் சாய்ந்துவிடுவதுண்டு. ‘கையுறை அணியவில்லை’ என்பது உண்மையே. ஆனால் கையுறை கொடுக்கப்படவே இல்லை என்பதை விட்டுவிட்டால் படிப்பவருக்குக் கிடைப்பது வேறு கதை. என் அனுபவத்தில் பெரும்பாலான குறிப்புகள் சறுக்குவது இங்கேதான். அதேபோல, பிடி ஆடியதை எழுதலாம். ‘பிடி ஆடியதால்தான் வெட்டியது’ என்று முடிவு கட்டக் கூடாது. தொழிலாளி அப்படிச் சொன்னால், ‘பிடி ஆடியதால் நழுவியது என்று அவர் கூறினார்’ என்று அவர் வாய்மொழியாகப் பதியுங்கள். ‘நரம்பு ஒன்றும் அறுந்துபோகவில்லை’ என்பதும் மருத்துவர் சொல்ல வேண்டியது. மடக்க முடிந்ததா, மரத்துப்போனதா என்று மட்டும் நாம் எழுதலாம்.

இதற்கென்று அரசுப் படிவம் உண்டா?

ஈ.எஸ்.ஐ. பதிவுள்ள நிறுவனங்களுக்கு 1950-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி விபத்துப் பதிவேடு உண்டு. அது படிவம் 11. காயத்தின் காரணம், தன்மை, நேரம், இடம், இரண்டு சாட்சிகள் ஆகியவற்றோடு, ‘அந்த நேரத்தில் அவர் சரியாக என்ன செய்துகொண்டிருந்தார்’ என்று தனியாகவே ஒரு கட்டம் இருக்கிறது. ‘வேலை செய்தார்’ என்று எழுதி அதை நிரப்புவதில் பயனில்லை. ‘மூட்டையின் வாய்த்தையலை அறுத்தார்’ என்று எழுத வேண்டும். பதிவு இல்லாத சிறு ஆலைகள் கோடு போட்ட நோட்டில் இதே விவரங்களை எழுதலாம்.

கைநாட்டு வைப்பவரிடம் எப்படிக் கையொப்பம் வாங்குவது?

எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் ஏதாவது மாற்றச் சொன்னால், பழைய வரியின் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் திருத்தம் எழுதித் தேதியுடன் கையொப்பமிடுங்கள். வெள்ளை மை பூசவோ, தாளைக் கிழிக்கவோ கூடாது. ‘படித்துக் காட்டப்பட்டது’ என்று எழுதி, படித்தவரும் கையொப்பமிட்ட பிறகே பெருவிரல் ரேகை.

அதோடு குறிப்பு முடிந்துவிடுமா?

இல்லை. காயமடைந்தவர் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வேலைக்குத் திரும்பினார் என்பது பாக்கி. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால், தொழிற்சாலை நிர்வாகம் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்த இந்த வரம்பு, 2020-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்புத் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. இல்லாத இடங்களில், வேலை செய்ய முடியாத நிலை 3 நாளைத் தாண்டும்போதுதான் முதலாளியின் இழப்பீட்டுப் பொறுப்பு வரும். சீழ், மறுசிகிச்சை, திரும்பிய நாள் எல்லாவற்றையும் பழைய பத்திக்குள் செருகாமல், அடியில் புதிய தேதியிட்டு எழுதுங்கள்.