தலையணை உறையிலும் கட்டிலோரச் சுவரிலும் எண்ணெய்க் கறை

தினமும் தலைக்கு எண்ணெய் வைக்கிறவர்கள் இருக்கும் வீட்டில், தலையணை உறையை எத்தனை முறை துவைத்தாலும் நடுவில் மஞ்சள் வட்டம் ஒன்று நின்றுவிடும். கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்கு மேலே, சாய்ந்து உட்கார்ந்து போன் பார்க்கிற இடத்தில், சுவரிலும் கறுத்த திட்டு விழுந்திருக்கும். இரண்டும் ஒரே எண்ணெய்தான். ஆனாலும் துணிக்குச் செய்கிற வைத்தியம் சுவருக்குச் சரிப்படாது. இரண்டுக்கும் பொதுவானது வேலையின் வரிசைதான். முதலில் எண்ணெயை எடுக்க வேண்டும். தண்ணீர், இஸ்திரி, பெயிண்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

உறையை எடுத்ததும் வாளித் தண்ணீரில் முக்குவதுதான் நம் பழக்கம். கறை போகாததற்கு அதுவே முதல் காரணம். நனைந்த துணியில் சோப்பு நீர்த்துப் போய்விடும், எண்ணெய் இருக்கும் இடத்தில் அதற்கு வேகம் இருக்காது. அதனால் காய்ந்த உறையை விரித்துப்போட்டு, கறையின் மேலேயே பாத்திரம் துலக்கும் லிக்விடை ஒரு டீஸ்பூன் அளவு ஊற்றி, விரலால் இருபுறமும் தேய்த்து அரைமணி நேரம் விடுங்கள். சட்டிப் பிசுக்கை எடுப்பதற்கென்றே தயாரித்த சோப்பு என்பதால் தலை எண்ணெயையும் அது நன்றாகவே பிடித்து இழுக்கும். பிறகு கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் சோப்புத்தூள் கரைத்துத் துவைக்கலாம்.

வெந்நீர் ஏன் என்பதை மார்கழியில் எண்ணெய் பாட்டிலைப் பார்த்தாலே புரியும். தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். பாட்டிலில் வெள்ளையாக இறுகுவதுபோலவே நூலிழைக்குள்ளும் இறுகும். குளிர்ந்த காலையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் மெஷினை ஓடவிட்டால், மேல் அழுக்குப் போகும், உறைந்த எண்ணெய் உள்ளேயே இருக்கும். உறையை முகர்ந்து பார்த்தால் லேசாகச் சிக்கு வாடை அடிப்பது இதனால்தான்.

நல்லெண்ணெய், பாதாம் எண்ணெய் வைக்கிறவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. தேங்காயெண்ணெய் காற்றுப்பட்டாலும் சீக்கிரம் மாறாது. நல்லெண்ணெயும் பாதாம் எண்ணெயும் நாளாக ஆகக் காற்றோடு சேர்ந்து மஞ்சளாகி, பசைபோல இழையில் ஒட்டிக்கொள்ளும். இஸ்திரிச் சூடு பட்டால் அது இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே துவைத்த உறையை முதலில் நிழலில் உலர்த்தி, நன்றாகக் காய்ந்த பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஈரத்தில் கறை தெரியாது, காய்ந்தால்தான் தெரியும். திட்டு மிச்சமிருந்தால் மறுபடி லிக்விட் தடவ வேண்டுமே தவிர, இஸ்திரிப்பெட்டியை அதன் மேல் வைக்கக் கூடாது.

மாதக்கணக்கில் ஏறிய மஞ்சளுக்கு வாஷிங் சோடா உதவும். அரை வாளி வெந்நீரில், அதாவது ஐந்து லிட்டர் அளவுக்கு, இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, வெள்ளைப் பருத்தி உறையை ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பிறகு வழக்கம்போல் துவைக்கலாம். கையில் ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள், தோலை அரிக்கும். பட்டுத் துணிக்கு இது ஆகாது. சமையல் சோடாவை வைத்து இதே வேலையைச் செய்ய முடியாது, அதன் காரம் மிகக் குறைவு. வாஷிங் சோடாவால் இன்னொரு நன்மையும் உண்டு. போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து கட்டி சோப்போடு சேர்ந்து ஒரு திரையாகத் துணியில் படியும். எண்ணெய் அந்தத் திரையைப் பிடித்துக்கொள்வதால்தான் பல வீடுகளில் உறை சாம்பல் நிறமாகிறது. சோடா அந்தத் தண்ணீரை மென்மையாக்கிவிடும்.

பிளீச்சிங் பவுடரைக் கையில் எடுக்காதீர்கள். அது நிறத்தை வெளுக்கும், எண்ணெயை எடுக்காது. துணி வெளுத்தாலும் தூசி மறுபடி அதே இடத்தில்தான் ஒட்டும். துணி வாங்கும்போதும் கவனம் வேண்டும். பளபளக்கும் பாலியஸ்டர் உறை இயல்பிலேயே எண்ணெயை விரும்பிப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய்த் தலைக்குப் பருத்திதான் நல்லது.

சுவருக்கு வருவோம். துடைக்கும் முன்பு சுவரில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். கட்டிலுக்குப் பின்னால் கண்ணில் படாத மூலையில் ஈரத்துணியால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் மாவுபோல் சுவரின் நிறம் ஒட்டிவந்தால் அது சுண்ணாம்பு அல்லது டிஸ்டம்பர். ஒன்றும் வரவில்லையென்றால் எமல்ஷன்.

எமல்ஷன் சுவருக்கு, ஒரு சொம்பு வெதுவெதுப்பான நீரில் பாத்திர லிக்விட் சில துளி போதும். மிருதுவான பஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு, கீழிருந்து மேலாக ஒற்றி ஒற்றித் துடைக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் வழிந்து கோடு விழும். அழுத்தித் தேய்த்தால் மங்கலான பெயிண்டில் அந்த இடம் மட்டும் மினுங்கும், அந்த மினுக்கம் பிறகு போகாது. கடைசியில் வெறும் தண்ணீரால் துடைத்து சோப்பை எடுத்துவிடுங்கள். தலைமாட்டில் சுவிட்ச்போர்டு இருந்தால் மெயினை அணைத்த பிறகே தொடங்க வேண்டும்.

சுண்ணாம்பு, டிஸ்டம்பர் சுவரில் தண்ணீரே ஆகாது, கறையோடு சுவரும் கரைந்து வரும். முகப் பவுடரையோ சாக்பீஸ் தூளையோ கறையில் தடவி ஒரு இரவு விட்டு, மெல்லிய பிரஷால் தட்டி எடுக்கலாம். புதுக் கறையானால் பாதிக்கு மேல் உறிஞ்சிவிடும். ஊறி இறங்கிய பழைய கறைக்கு, அந்தத் திட்டை மட்டும் சுரண்டி மறுபடி அடிப்பதுதான் வழி.

என் சித்தி குடியிருந்த வாடகை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்துவிடுவார்களே என்று, கட்டிலோரக் கறையின் மேல் நேராக எமல்ஷன் அடிக்கச் சொன்னார். அன்று சுவர் புதிதாக இருந்தது. சில வாரத்தில் அதே இடத்தில் தலை வடிவத்தில் மஞ்சள் தெரிந்தது. இரண்டாவதாக வந்த பெயிண்டர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “அக்கா, அடியில எண்ணெய் இருக்கு. எத்தனை கோட் அடிச்சாலும் ஊறி மேல வந்துரும்” என்றார். தண்ணீரில் கரையும் பெயிண்ட் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டாது, எண்ணெயைத் தடுத்தும் நிறுத்தாது. அவர் வெந்நீரில் வாஷிங் சோடா கரைத்து அந்த இடத்தைக் கழுவி, நன்றாகக் காயவிட்டார். பட்டி வரைக்கும் எண்ணெய் இறங்கி மெத்தென்றிருந்த பகுதியைச் சுரண்டி எடுத்துப் புதுப் பட்டி வைத்தார். அது காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, அதன் மேல் ஆயில் பிரைமர் ஒரு கோட் அடித்தார். மீதி எண்ணெயை அடியிலேயே அடைத்து வைப்பது இந்த பிரைமர்தான். அது காய்ந்த பிறகே எமல்ஷன். கறை திரும்பவில்லை.

மறுபடி கறை ஏறாமல் இருக்க, தலையணைமேல் ஒரு பருத்தித் துண்டை விரித்து, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மாற்றுங்கள். சாயும் இடத்தில் துவைக்கக்கூடிய கெட்டித் துணி ஒன்றைத் தொங்கவிட்டால் சுவரும் தப்பும். கறை ஏறிவிட்ட சுவருக்குப் பெயிண்டரைக் கூப்பிடுகிறவர்கள், கூலி பேசும்போதே சோடா போட்டுக் கழுவுவதையும் ஆயில் பிரைமரையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.