ஒரே நாளுக்கு இரண்டு விலை

வேலையை விட்டவருக்குக் கடைசியாக வரும் தாள் ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மெண்ட்’. கையில் கொஞ்சம் பணம் வரும் என்று பிரித்தால், ‘நீங்கள் நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டியது’ என்று இருப்பதும் உண்டு.

கிண்டியில் வேலை பார்க்கும் ஒருவரின் மாதச் சம்பளம் 45,000 ரூபாய், அதில் பேசிக் 22,500 என்று வைத்துக்கொள்வோம். நோட்டீஸ் 60 நாள். புது வேலை அவசரத்தில் 38 நாளிலேயே கிளம்பிவிட்டார். 22 நாள் குறைகிறது.

கடைசி மாதத்தில் 18 நாள் வேலை செய்ததற்கு 27,000 வரவு. எடுக்காமல் மிச்சம் வைத்த 14 நாள் லீவுக்கு 10,500. மொத்தம் 37,500. பிடித்தத்தில் பி.எஃப். 1,620, வாங்கிய அட்வான்ஸில் பாக்கி 6,000, நோட்டீஸ் குறைவுக்கு 33,000. ஆக 40,620. இவர்தான் 3,120 ரூபாய் கட்ட வேண்டும்!

எங்கே இடித்தது? லீவை விற்கும்போது நாளுக்கு 750 ரூபாய்; அது பேசிக்கை 30ஆல் வகுத்தது. நோட்டீஸுக்குப் பிடிக்கும்போது நாளுக்கு 1,500. அது முழுச் சம்பளத்தை வகுத்தது. கொடுக்க ஒரு படி, வாங்க இன்னொரு படி. பல இடங்களில் இதுதான் வழக்கம், அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் அப்படியே எழுதியிருந்தால் வாதாடுவது கடினம். ஆனால் அதில் ‘நோட்டீஸுக்கு ஈடாக பேசிக் சம்பளம்’ என்று இருந்தால், பிடித்தம் 16,500தான். அப்போது இவருக்கு 13,380 ரூபாய் வர வேண்டும். அந்த ஒரு வரியை முதலில் தேடுங்கள்.

இன்னொரு வழி, லீவை நோட்டீஸில் கழிப்பது. விதி அனுமதித்தால் 14 நாளையும் கழித்து, குறைவு 8 நாளாகிவிடும். லீவுப் பணம் 10,500 போகும், பிடித்தத்திலோ 21,000 குறையும். 3,120 கட்ட வேண்டியவர் கையில் 7,380 வாங்குவார். மனிதவளத் துறையினர் இதைத் தாங்களாகச் சொல்வது அபூர்வம். ரிலீவிங் தேதி முடிவாகும் முன்பே கேட்க வேண்டும்.

நிறுவனமே ‘சீக்கிரம் போகலாம்’ என்று சொல்லியிருந்தால் அந்த மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். நோட்டீஸ் பிடித்தத்தை எதிர்க்க அதுவே உங்கள் ஆதாரம். லேப்டாப், அடையாள அட்டை ஆகியவற்றை ஒப்படைத்ததற்கும் எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். அது இல்லாமல்தான் அவற்றின் விலையும் பிடித்தத்தில் ஏறுகிறது. பி.எஃப். இருப்பைத் தாளில் காணோமே என்று பதற வேண்டாம். அது உங்கள் பி.எஃப். கணக்கிலேயே இருக்கும்.

‘இனி பாக்கி ஏதும் இல்லை’ என்ற வரியின் கீழ் கையெழுத்துப் போடுமுன், ஒவ்வொரு பிடித்தத்துக்கும் எந்தச் சம்பளத்தை எத்தனை நாளால் வகுத்தார்கள் என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள்.